கச்சான் காற்றில் திரும்பி வராத ட்ரோன்: பறப்புப் பதிவிலிருந்து காற்றை அறிவது எப்படி?

கேள்வி: ஐயா, நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல்களைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது 249 கிராம் ட்ரோன். ஆடி மாதம் ஒரு நாள் பகல் 11 மணிக்குப் பறக்கவிட்டேன். வானிலைச் செயலியில் காற்று மணிக்கு 18 கிலோமீற்றர் என்றுதான் இருந்தது. விற்றவர் 38 வரைக்கும் தாங்கும் என்று சொல்லியிருந்தார். ஆனால் வாவிப் பக்கம் போன ட்ரோன் திரும்பி வர முடியாமல் கண்டல் சேற்றில் இறங்கிவிட்டது. பறப்புப் பதிவை வாசித்துத் தர ஒருவர் 6,000 ரூபாய் கேட்கிறார். அதில் உண்மையான காற்று தெரியுமா? இனி எந்த நாளில் பறக்கலாம் என்று எப்படி முடிவு செய்வது? பதிவை இணைத்துள்ளேன்.

பதில்: அந்த 6,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். பறப்புப் பதிவு உங்கள் கைபேசியிலேயே, FlightRecord என்ற கோப்புறையில் இருக்கிறது. அதை அட்டவணையாக மாற்றித் தரும் இணையத்தளங்கள் பல இலவசமாகவே இயங்குகின்றன. "பதிவை வாசித்துத் தருகிறேன்" என்று பணம் வாங்கும் சிலர் உண்மையில் செய்வது, அத்தளங்கள் தாமாகக் கணித்துக் காட்டும் காற்று வேகத்தை ஒரு தாளில் அச்சடித்து முத்திரை குத்தித் தருவதுதான். அந்த எண் உங்கள் விடயத்தில் மிக முக்கியமான இடத்தில் பிழையாக இருக்கிறது என்பதைப் பின்னர் காட்டுகிறேன்.

உங்கள் ட்ரோனில் காற்றை அளக்கும் கருவி எதுவும் இல்லை. ஆனால் கல்லடிப் பாலத்தில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவர் முன்னால் குனிவதைப் போல, ஒரே இடத்தில் நிற்க முயலும் ட்ரோனும் காற்று வரும் திசையை நோக்கிச் சாய்கிறது. காற்று கூடக் கூடச் சாய்வும் கூடுகிறது. அந்தச் சாய்வு ஒரு செக்கனுக்குப் பத்து முறை பதிவில் எழுதப்படுகிறது. எனவே எத்தனை பாகைச் சாய்வு எவ்வளவு காற்றைக் குறிக்கிறது என்று தெரிந்துகொண்டால், ட்ரோனே உங்கள் காற்றுமானி ஆகிவிடும்.

இதைத் தெரிந்துகொள்ளும் வழி எளிதானது. தென்னோலைகூட அசையாத ஒரு விடியற்காலையில், 20 மீற்றர் உயரத்தில், ட்ரோனை முன்னோக்கி ஒரே வேகத்தில் 20 செக்கன் நேராகப் பறக்கவிடுங்கள். பின் திருப்பி அதே வேகத்தில் அதே கோட்டில் கொண்டுவாருங்கள். முதலில் செக்கனுக்கு 3 மீற்றர், அடுத்து 6, அடுத்து 9, கடைசியாகச் சாதாரண நிலையில் கட்டுப்பாட்டுக் கோலை முழுவதும் தள்ளினால் கிடைக்கும் வேகம் என்று நான்கு முறை போதும். அசையாத காற்றில் செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் ஓடும் ட்ரோனும், 6 மீற்றர் காற்றில் ஒரே இடத்தில் நிற்கும் ட்ரோனும் ஒரே எதிர்ப்பைத்தான் உணர்கின்றன. ஆகவே இரண்டிலும் சாய்வு ஒன்றே. போகும்போதும் வரும்போதும் எடுத்த சாய்வுகளின் சராசரியை எடுப்பது, நமக்குத் தெரியாமல் வீசும் மெல்லிய காற்றைக் கழித்துவிடுவதற்காக. புறப்படும் முதல் சில செக்கன்களையும் நிறுத்தும் கடைசிச் செக்கன்களையும் ஒதுக்கிவிடுங்கள், ஏனெனில் அப்போதைய சாய்வு வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வந்தது, காற்றால் வந்ததன்று.

உங்கள் ட்ரோன் வகையிலேயே நான் எடுத்த அளவுகள் இவை: 3 மீற்றருக்கு 4 பாகை, 6 மீற்றருக்கு 11 பாகை, 9 மீற்றருக்கு 21 பாகை, சாதாரண நிலையின் உச்சமான 10 மீற்றருக்கு 25 பாகை. விசிறி தேய்ந்திருந்தாலும், பாதுகாப்பு வளையம் பொருத்தியிருந்தாலும் இவை மாறும். எனவே என் எண்களைக் கடன் வாங்கிக்கொண்டு இருந்துவிடாமல் உங்கள் ட்ரோனுக்கு உரியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவைக் கணிக்க மட்டும் இப்போதைக்கு இவற்றைப் பயன்படுத்துகிறேன்.

நீங்கள் புறப்பட்டவுடன் 60 மீற்றர் உயரத்தில் ஏறத்தாழ நான்கு நிமிடம் ஒரே இடத்தில் நின்று படம் பிடித்திருக்கிறீர்கள். காற்றை அறிய இதைவிட நல்ல பகுதி பதிவில் வேறு இல்லை. முன்பின் சாய்வு pitch என்ற நிரலிலும் பக்கச் சாய்வு roll என்ற நிரலிலும் இருக்கும். அருகிலேயே gimbal_pitch என்று ஒரு நிரல் இருக்கும். அது கமராவின் சாய்வு. அதை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டுப் புயல் வீசியதாகச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேக நிரலின் தலைப்பில் mph என்றிருந்தால் அது மணிக்கு மைல், அதை 0.447 ஆல் பெருக்கினால் செக்கனுக்கு மீற்றர் கிடைக்கும். pitch நிரல் B இலும் roll நிரல் C இலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், எக்செலில் இரண்டே சூத்திரங்கள் போதும். முதலாவதை D2 இலும் இரண்டாவதை E31 இலும் எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்.

```
=DEGREES(ACOS(COS(RADIANS(B2))*COS(RADIANS(C2))))
=AVERAGE(D2:D31)
```

முதலாவது மொத்தச் சாய்வைத் தருகிறது. இரண்டாவது முப்பது வரிகளின், அதாவது 3 செக்கன்களின், சராசரியைத் தருகிறது. இந்த 3 செக்கன் நான் கண்டுபிடித்த அளவன்று. திடீரென்று எழுந்து அடங்கும் காற்றை வீச்சு என்கிறோம்; அதை 3 செக்கன் சராசரியின் உச்சமாக எடுப்பதுதான் உலக வானிலை அமைப்பின் வழமை. அது ட்ரோனுக்கும் பொருந்துகிறது. உங்கள் பதிவில் ஓரிடத்தில் சாய்வு 24 பாகைக்குத் தாவுகிறது, ஆனால் அது அரைச் செக்கன்கூட நிற்கவில்லை. அது காற்றன்று, ட்ரோன் தன் நிலையைத் திருத்திக்கொண்ட ஒரு துள்ளல். 3 செக்கன் சராசரி எடுத்தால் அத்தகைய துள்ளல்கள் அடங்கிவிடுகின்றன.

அந்த நான்கு நிமிடத்தின் மொத்தச் சராசரிச் சாய்வு 13 பாகை. 11 பாகைக்கு 6 மீற்றர், 21 பாகைக்கு 9 மீற்றர் என்பதால் இடையில் விகிதப்படி எடுத்தால் செக்கனுக்கு 6.6 மீற்றர், அதாவது மணிக்கு 24 கிலோமீற்றர் வருகிறது. 3 செக்கன் உச்சம் 20 பாகை. அது செக்கனுக்கு 8.7 மீற்றர், மணிக்கு 31 கிலோமீற்றர். ஆக, நீங்கள் 18 என்று நம்பிக்கொண்டிருந்த வேளையில் உங்கள் ட்ரோன் 24 இல் நின்றுகொண்டு, இடையிடையே 31 ஐ வாங்கிக்கொண்டிருந்தது.

செயலி பொய் சொல்லவில்லை. வானிலைச் செயலிகள் காட்டும் காற்று தரையிலிருந்து 10 மீற்றர் உயரத்துக்கான சராசரி. திறந்த வயலிலும் வாவியிலும் 60 மீற்றர் உயரத்தில் காற்று அதைவிட ஏறத்தாழ 1.3 மடங்கு இருக்கும்; 18 ஐ 1.3 ஆல் பெருக்கினால் 23 வருகிறது, உங்கள் பதிவும் அதையே சொல்கிறது. குற்றம் வீச்சை மறைத்துச் சராசரியை மட்டும் பெரிய எழுத்தில் காட்டும் பழக்கத்தில் இருக்கிறது. அதே செயலியில் இன்னொரு பக்கத்தைத் திறந்தால் வீச்சு என்று தனியாக ஓர் எண் இருக்கும்; அதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி, நான் முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பணம் வாங்கிப் பதிவு வாசிப்பவர்கள் தவறாமல் பிழை விடுவது இங்கேதான். நீங்கள் திரும்பத் தொடங்கிய பிறகு, பதிவில் ஏறத்தாழ 40 செக்கன் நேரம் சாய்வு 25 பாகையிலேயே அசையாமல் நிற்கிறது. காற்று ஒருபோதும் அப்படி ஒரே அளவில் வீசாது. கோடு தட்டையாக ஓடுவதன் பொருள், ட்ரோன் தனக்கு அனுமதிக்கப்பட்ட சாய்வின் எல்லையை முட்டிவிட்டது என்பதே. இன்னும் சாய வேண்டியிருந்தும் சாய முடியவில்லை. அந்த நேரத்தில் சாய்வை மட்டும் பார்த்துக் கணித்தால் செக்கனுக்கு 10 மீற்றர் என்றுதான் வரும், நான் முதலில் சொன்ன இணையத்தளங்கள் உங்கள் பதிவுக்குக் காட்டும் மணிக்கு 36 கிலோமீற்றர் என்ற எண்ணும் அதுவே.

ஆனால் அதே வரிகளில் தரை வேகத்தைப் பாருங்கள். கோல் முழுவதும் முன்னே தள்ளப்பட்டிருக்கிறது, ட்ரோனோ செக்கனுக்கு 1.5 மீற்றர் வீதம் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. வேக நிரலில் குறி இல்லாததால் அது முன்னேறுவதைப் போலத் தோன்றும். வீட்டிலிருந்து உள்ள தூரம் கூடுவதைப் பார்த்துத்தான் பின்னால் போவதை அறியலாம். அந்த 40 செக்கனில் தூரம் 60 மீற்றர் கூடியிருக்கிறது. எனவே உண்மையான காற்று, சாய்வு தரும் 10 உடன் பின்வாங்கிய 1.5 ஐயும் சேர்த்து, செக்கனுக்கு 11.5 மீற்றர், அதாவது மணிக்கு 41 கிலோமீற்றர். சாய்வுக் கோடு எங்கே தட்டையாகிறதோ அங்கே சாய்வை நம்பாமல், இழுபட்ட வேகத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். எந்த ட்ரோனுக்கும் இது பொருந்தும், எல்லைப் பாகைதான் வகைக்கு வகை மாறும்.

அந்த 40 செக்கனுக்கு முன் என்ன நடந்தது என்பதையும் பதிவு சொல்கிறது. நீங்கள் தானாகத் திரும்பும் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். அதில் உயரம் 100 மீற்றர் என்று வைக்கப்பட்டிருந்ததால், 60 மீற்றரில் நின்ற ட்ரோன் முதலில் 100 மீற்றருக்கு ஏறி, இன்னும் பலமான காற்றுக்குள் போய்விட்டது. எதிர்க்காற்றில் சிக்கிய ட்ரோனை மேலே அனுப்புவதைவிடப் பெரிய தவறு இல்லை. வாவியின் மேல் மரமோ கம்பியோ இல்லாத இடத்தில் 20 மீற்றருக்கு இறக்கியிருந்தால், 60 மீற்றரில் 6.6 ஆக இருந்த காற்று 5.6 அளவுக்குக் குறைந்திருக்கும். தானாகத் திரும்பும் உயரத்தை உங்கள் இடத்தின் உயர்ந்த மரத்துக்கு மேல் 15 மீற்றர் என்று மாற்றி வையுங்கள். சிக்கிக்கொண்டால் அந்தப் பொத்தானை இரத்துச் செய்து, கையால் கீழிறக்கி, விளையாட்டு நிலைக்கு மாற்றிக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் சாய்வெல்லை கூடும், கூடவே பற்றரியும் விரைவாக இறங்கும்.

இன்னொரு தவறு நீங்கள் நின்ற இடம். கச்சான் மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி இறங்கி, படுவான்கரையைக் கடந்து வாவிப் பக்கம் வீசுகிறது. நீங்கள் வயலின் மேற்கு வரம்பில் நின்று 700 மீற்றர் கிழக்கே அனுப்பியிருக்கிறீர்கள். காற்று முதுகைத் தள்ள அது 70 செக்கனில் போய்விட்டது. திரும்பி வர, சராசரிக் காற்றிலேயே 10 இலிருந்து 6.6 ஐக் கழித்துச் செக்கனுக்கு 3.4 மீற்றர்தான் மிஞ்சுகிறது, எனவே 200 செக்கனுக்கு மேல் தேவை; வீச்சு வரும்போது 1.3 மீற்றர்தான் மிஞ்சுகிறது. கிழக்கு வரம்பில் நின்று முதலில் மேற்கே அனுப்பியிருந்தால், போகும்போதே திணறலைக் கண்டிருப்பீர்கள், திரும்பும்போது காற்றே அதைக் கொண்டுவந்து தந்திருக்கும். அத்துடன், 700 மீற்றரில் இந்த அளவு ட்ரோன் கண்ணுக்கே தெரியாது. அந்தத் தூரத்துக்கு அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை.

விற்றவர் சொன்ன 38 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த ஒரு எண்ணால் இழந்த ட்ரோன்கள் ஏராளம். கைநூலில் "காற்றுத் தாங்குதிறன் 5 ஆம் நிலை" என்று எழுதியிருக்கும். போபோர்ட் அளவுமுறையில் 5 ஆம் நிலை மணிக்கு 29 முதல் 38 கிலோமீற்றர் வரை; விற்பவர்கள் அதன் மேல் நுனியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது ட்ரோன் இடம் பெயராமல் நிற்கக்கூடிய காற்று, திரும்பி வரக்கூடிய காற்றன்று. இதே ஆட்கள் சில வேளைகளில் கடினமான விசிறி மாற்றினால் 7 ஆம் நிலை வரை தாங்கும் என்றும், மென்பொருளைத் திருத்திச் சாய்வெல்லையை நீக்கித் தருகிறோம் என்றும் சொல்லிப் பணம் பறிக்கிறார்கள். எல்லையை நீக்கிய ட்ரோன் அதிகம் சாயும்போது மேலே தூக்கும் விசை குறைந்து உயரம் இழக்கும். வீச்சின் நடுவில் அது விழுந்தால் திருத்தியவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். 249 கிராம் உடலுக்குள் இருக்கும் மோட்டர் தருவதைத்தான் தரும்.

உங்களுக்கான எல்லையை நான் இப்படி வைக்கிறேன். வேலை செய்யும் உயரத்தில் சராசரிக் காற்று, உங்கள் ட்ரோனின் சாதாரண உச்ச வேகத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 3 செக்கன் வீச்சு மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. உச்ச வேகம் 10 என்றால் சராசரிக்கு 5, வீச்சுக்கு 6.7. பாதி என்று சொல்வதற்குக் காரணம், அப்போது திரும்பி வரும் நேரம் காற்றில்லாத நாளின் இரு மடங்கில் நின்றுவிடுகிறது, அதைப் பற்றரி தாங்கும். பாதியைத் தாண்டியபின் அந்த நேரம் மளமளவென்று ஏறுகிறது, 6.6 இல் அது மூன்று மடங்காகிவிட்டதை உங்கள் பதிவிலேயே கண்டீர்கள். 60 மீற்றரில் செக்கனுக்கு 5 என்பது செயலியின் 10 மீற்றர் உயரக் கணக்கில் மணிக்கு 14 கிலோமீற்றர். எனவே வீட்டில் இருக்கும்போதே செயலி 14 க்கு மேல் காட்டினால் பயணத்தை ஒத்திவையுங்கள்.

வயலில் நின்று கணினியில் சாய்வு பார்க்க முடியாது, அதற்கும் வழியிருக்கிறது. உங்கள் ட்ரோன் சாதாரண நிலையில் 25 பாகையைத் தாண்டாது என்பது பதிவில் தெரிந்துவிட்டது. வேலை செய்யும் உயரத்துக்கு ஏற்றி, மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி, கோலை முழுவதும் தள்ளி 30 செக்கன் பறக்கவிட்டுத் திரையில் வேகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் செக்கனுக்கு 5 மீற்றருக்குக் குறையாமலும், எந்தக் கணத்திலும் 3.3 க்குக் கீழே போகாமலும் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். குறைந்தால் இறக்கிவிடுங்கள். இந்தச் சோதனை ஒரு மணித்தியாலத்துக்குத்தான் செல்லும். அதன்பின் மீண்டும் செய்ய வேண்டும்.

ஒரு மணித்தியாலம் என்று கண்டிப்பாகச் சொல்வதற்கு நம் மண்ணின் காற்றே காரணம். ஆனி முதல் ஆவணி வரை விடியலில் தரையருகே காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறி நிலம் சூடாகியதும் மேலிருக்கும் வேகமான காற்று கலந்து கீழிறங்கும், வீச்சும் அப்போதுதான் தொடங்கும். நீங்கள் பறக்கவிட்ட 11 மணி அந்த நேரத்துக்குள் அகப்பட்டது. சில நாட்களில் பிற்பகலில் கடற்காற்று எழுவான்கரையைத் தாண்டி எதிர்த் திசையில் உள்ளே வரும், காலையில் பார்த்த திசை அப்போது உதவாது. ஆகவே இந்த மாதங்களில் காலை 6 மணி முதல் 8.30 வரைதான் நான் பறக்கவிடுகிறேன். விடியலின் அமைதியையும் கண்மூடி நம்பாதீர்கள், தரையில் புல் அசையாதபோதே 80 மீற்றரில் பலத்த காற்று ஓடுவதுண்டு. அதனால்தான் சோதனையை வேலை செய்யும் உயரத்தில் செய்யச் சொல்கிறேன்.

இதையெல்லாம் கெடுப்பவர்கள் இருவர். ஒருவர் தரகர். அவர் காணிக்காரரிடம் நேரத்தைப் பேசி முடித்துவிட்டு, பாதிப் பணத்தை எடுத்துக்கொண்டு, "பின்னேரம் மூன்று மணிக்கு வந்துவிடுங்கள்" என்பார். ட்ரோன் விழுந்தால் அந்த நட்டத்தில் அவருக்குப் பங்கில்லை. பேசும்போதே, காற்று எல்லையைத் தாண்டினால் நாள் மாறும், போக்குவரத்துச் செலவு தரப்படும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர், ஒற்றை நாளைக் குறித்து அனுமதிக் கடிதம் தரும் அலுவலகம். ஒருமுறை எனக்கு வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்த கடிதத்தில் இருந்த நாளில் வீச்சு செக்கனுக்கு 9 மீற்றர். நான் பறக்கவிடவில்லை, முழு விண்ணப்பத்தையும் மீண்டும் முதலிலிருந்து எழுதச் சொன்னார்கள். காற்று திகதி பார்த்து வீசுவதில்லை என்பதை அந்த மேசையில் இருப்பவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. விண்ணப்பத்தில் ஒரு நாளைக் கேட்காமல் இரண்டு வார இடைவெளியைக் கேளுங்கள், காரணமாக உங்கள் காற்றெல்லையை எழுதுங்கள்; பிறகு இரண்டு முறை அது எனக்குக் கிடைத்தது.

சேற்றில் இறங்கிய ட்ரோனை உடனே பறக்கவிடாமல், மோட்டர்களைக் கையால் சுற்றிப் பார்த்து, ஒன்றாவது அரைபட்டாலோ இறுகினாலோ மாற்றிவிடுங்கள். மணல் புகுந்த மோட்டர் அதே வேகத்துக்கு அதிகச் சக்தியை உண்ணும். அதன்பின் அமைதியான ஒரு விடியலில் அந்த நான்கு வேகப் பறப்பையும் எடுத்து அட்டவணையை அனுப்புங்கள். உங்கள் 25 பாகைக்கு எந்த வேகம் வருகிறது என்று பார்த்து 5, 6.7 என்ற எல்லைகளை உங்கள் ட்ரோனுக்கு ஏற்பத் திருத்தித் தருகிறேன். அதுவரை மீதமுள்ள வயல்களைக் கிழக்கு வரம்பில் நின்றே எடுங்கள்.